⚠️ விற்பனை சராசரிக்குக் கீழே: வியாழன், 23.10.2025

நேற்றைய மொத்த விற்பனை ரூ. 3,12,400. முந்திய 7 நாள் (16–22) நகரும் சராசரி ரூ. 3,86,000. குறைவு 19 சதவீதம்.

திருநெல்வேலியும் சுன்னாகமும் ஏறத்தாழ வழக்கம்போலத்தான். விழுந்தது நெல்லியடி: ரூ. 1,08,000 வர வேண்டிய இடத்தில் ரூ. 41,200. அங்கே மாலை 4 மணிக்கு மின்சாரம் போனபின் கையால் எழுதிய பற்றுச்சீட்டுகள் இன்னும் கணினியில் ஏறவில்லை. பாதிக் குறைவாவது அதனால்தான் என்று நினைக்கிறேன். தீபாவளி நெரிசல் நாள்களும் சேர்ந்திருப்பதால் சராசரியே சற்று உயர்ந்துதான் நிற்கிறது.

நெல்லியடித் தம்பிமார், அந்தச் சீட்டுப் புத்தகத்தை 11 மணிக்குள் பதிந்துவிடுங்கள். பதிந்ததும் புதிய தொகையை இங்கேயே போடுகிறேன். அதுவரை முதலாளிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம்.

— கணக்குப் பிரிவு