சிவனொளிபாதமலையும் என் புதுச் சப்பாத்தும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. லிஃப்ட் பழுதானால் பாண் வாங்கக்கூட இறங்க மாட்டேன். அப்படிப்பட்ட என்னை மச்சாள் 2243 மீற்றர் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாசி மாதம், போயா இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம். கோட்டையில் ரயில் ஏறி ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். ராத்திரி ஒன்றரைக்கு நடக்கத் தொடங்கினோம். காலில் இரண்டு நாளைக்கு முதல் புறக்கோட்டையில் வாங்கிய சப்பாத்து. இந்தப் பதிவில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் வாசியுங்கள்: புதுச் சப்பாத்தோடு மலை ஏறாதீர்கள்.

சீத்த கங்குல ஓடையைத் தாண்டும்போதே இடது குதிகால் எரிந்தது. இந்திகட்டுப்பான என்ற இடத்தில் ஆட்கள் பக்தியோடு வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் மெல்லமாக, "ஊசி இருந்தா கேளடி, கொப்பளத்தைக் குத்துவம்" என்றாள். குத்தவில்லை. பிளாஸ்டர் ஒட்டி, இரண்டு சோடி காலுறை போட்டேன்.

5500 படிக்கு மேல் என்கிறார்கள். எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டேன். தேத்தண்ணிக் கடைகளை எண்ணினால் மனம் ஆறும். "அடுத்த கடை மட்டும்" என்று சொல்லிச் சொல்லியே பாதி மலை ஏறினேன்.

உண்மையான பயம் கடைசிப் பகுதியில்தான். படி செங்குத்தாகிவிட்டது, காற்று ஆளைத் தள்ளியது. குளிர்ந்த இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்று அழுதேன். பின்னால் வந்த தோட்டத்து அம்மா ஒருத்தர், வெறுங்கால், தலையில் துவாய், "கீழ பாக்காத பாப்பா, என் முதுகப் பாத்துக்கிட்டே வா" என்று எனக்கு முன்னால் ஏறினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் உச்சிக்குப் போனேன். நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை.

எத்தனை தரம் ஏறினோமோ அத்தனை தரம் மேலே மணி அடிக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்ற தாத்தா அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்று அடித்தேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான்.

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே ஃபோனைத் தூக்கினார்கள். கால் வலியில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்ததால்தான் அந்த நிழலைப் பார்த்தேன். மேற்கே, மூடுபனி மேல், முக்கோணமாக மலையின் நிழல். கொஞ்ச நேரத்தில் அது சுருங்கிக் கரைந்தது.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இறங்கும்போது முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது, பெருவிரல்கள் சப்பாத்தின் முன்பக்கத்தில் முட்டி முட்டிக் கறுத்தன. கடைசியில் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் பழுது. நாலு மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறினேன். மச்சாள் பின்னால் வந்து, "கீழ பாக்காத பாப்பா" என்றாள்.