கடிவாயைக் கழுவுங்கள், ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்: கேள்வியும் பதிலும்

ஆறு வயதுப் பேரனைத் தெருநாய் கன்னத்தில் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா காபித்தூள் வைத்து அழுத்தினார். இப்போது என்ன செய்வது? நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதுமா?
(ஒரு பாட்டி, நீடாமங்கலம்)

நாளை வேண்டாம் அம்மா, இப்போதே கிளம்புங்கள். கிளம்பும் முன் ஒரே ஒரு வேலை. காபித்தூளை வழித்துவிட்டு, குழாயடியில் பேரனை நிறுத்தி, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கடிவாயைக் கழுவுங்கள். துணி துவைக்கிற சோப்பானாலும் பரவாயில்லை. பையன் அழுவான், மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும், தண்ணீர் கிருமியை அடித்துக்கொண்டு போய்விடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள்.

ரத்தம் வந்த கடியை மூன்றாம் வகை என்போம். அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்கக் கிட்டத்தட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காவலுக்கு நிற்பது இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசி. அதைக் கையிலோ தொடையிலோ போட்டால் போதாது, கடிவாயைச் சுற்றியும் அதன் உள்ளேயும் செலுத்த வேண்டும். குதிரையிலிருந்து எடுத்த சீரம் என்றால் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20 யூனிட். பேரன் 15 கிலோ இருந்தால் குதிரைச் சீரத்தில் 600 யூனிட். இதை மட்டும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "புண்ணைச் சுற்றிப் போடுற ஊசி போட்டாச்சா?" அந்த ஊருக்குள் அது இல்லை என்றால் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, தாமதிக்காமல் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் சீரம் போட்டுக்கொள்ள முடியும். ஆனால் முகத்துக் கடிக்கு மூளை பக்கம், அதனால் அன்றைக்கே போடுவதுதான் சரி. முகம் என்பதால் தையல் போடச் சொல்வார்கள். போட வேண்டியிருந்தால் சீரம் செலுத்திய பிறகுதான்.

தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள், இரண்டு தோள்களிலும் ஒவ்வொன்றாக. நாள்கள் 0, 3, 7, 28. கடிபட்ட அன்றே ஊசி போட்டால் அந்த நாள்தான் 0. மாதம் 2-ஆம் தேதி ஆரம்பித்தால் அடுத்தவை 5, 9, 30. தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. தசை ஊசி தோளில்தான் போட வேண்டும், கைக்குழந்தைக்குத் தொடையில். இடுப்பில் போட்டால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழந்தை என்பதால் அளவைக் குறைப்பதும் கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது. கறி, முட்டை விலக்கிப் பத்தியம் இருக்கவும் வேண்டாம்.

மூன்று ஊசி போட்டாயிற்று. கடித்த நாய் இன்னும் வாசலில் நன்றாகவே திரிகிறது. நான்காவது எதற்கு? அது மட்டுமல்ல, மூன்றாவதையே நான்கு நாள் தள்ளித்தான் போட்டேன்.
(ஒரு இளைஞர், பாபநாசம்)

தள்ளிப் போனதற்காக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நாயோ பூனையோ கடித்த பின் பத்து நாள் நல்ல உடம்போடு இருந்தால், கடிக்கும்போது அதன் எச்சிலில் ரேபிஸ் இருந்திருக்காது. கண்ணெதிரே இருந்து நீங்கள் உறுதியாகப் பார்த்த நாய்தான் அது என்றால் கடைசி ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் சொல்வது, போட்டுவிடுங்கள். இன்னொரு முறை கடிபட்டால் 0, 3 என்று இரண்டே ஊசி போதும், சீரமும் தேவையில்லை. அந்தப் பலன் முழுதாய்ப் போட்டவருக்குத்தான். சீட்டை மடித்துப் பத்திரமாய் வையுங்கள், தேதியோடு.

மாடு தீனி எடுக்கவில்லை, எச்சில் ஒழுகுது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் செத்துவிட்டது. ஒரு மாதம் முன்பு தெருநாய் கடித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பாலும் குடித்தோம்.
(ஒரு விவசாயி, மன்னார்குடி பக்கம்)

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மாட்டுக்கு ரேபிஸ் வந்தால் நாயைப் போல வெறிகொண்டு ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல மாடுகள் ஒடுங்கி நிற்கும். தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாது, குரல் கரகரத்துக் கத்தும், பின்னங்கால் தள்ளாடும். அடைப்பு என்று நினைத்துக் கையை விடுவது இந்தப் பக்கமெல்லாம் பழக்கம். நாற்றுப் பறித்த கையில் கீறலும் வெடிப்பும் இல்லாமல் இருக்காது. அதன் வழியாக எச்சில் உள்ளே போகும்.

எச்சில் பட்ட கையில் கீறல் இருந்தால் நீங்களும், மாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தால் அவர்களும் இன்றே போய்ச் சீரமும் ஊசியும் கேளுங்கள். சும்மா தொட்டவர்களுக்கும், முழுத்தோலோடு இருந்தவர்களுக்கும் பயமில்லை. காய்ச்சிய பாலால் ரேபிஸ் வராது, குடித்தவர்கள் நிம்மதியாய் இருக்கலாம். பச்சைப் பால் குடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். செத்த மாட்டை அறுக்காமல் ஆழமாய்ப் புதைத்து, கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, சந்தேகம் கேட்க ஆள் உண்டு. இனி உங்கள் மாட்டை நாய் கடித்தால் மாட்டுக்கும் கடிவாயைக் கழுவி ஊசி போடலாம்.

எலி கடித்தால்? குரங்கு, கீரி?

வீட்டு எலிக்குப் பெரும்பாலும் ரேபிஸ் ஊசி தேவைப்படாது. குரங்கு, கீரி, நரி, பூனை கடித்தால் நாய்க்குச் செய்வதைத்தான் செய்ய வேண்டும். எந்தக் கடியானாலும் ரண ஜன்னிக்கான டிடி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நடவு முடிந்து வந்தால் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. எலிக்காய்ச்சலா?
(ஒரு நடவுத் தொழிலாளி, திருத்துறைப்பூண்டி)

இருக்கலாம். எலி கடித்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. எலி, மாடு போன்றவற்றின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் நின்றால், சேற்றுப்புண் வழியாகக் கிருமி ஏறிவிடும். கெண்டைக்காலை அமுக்கினால் உயிர் போகிற வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைதல், கண் மஞ்சள் என்றால் மாத்திரைக் கடையில் நிற்காதீர்கள். டாக்டரிடம் "வயலில் நின்று வேலை செய்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் சிகிச்சை சீக்கிரம் ஆரம்பிக்கும்.

காய்ச்சலோடு அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே சிகரெட் சூடு பட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சல். புதரில் இருக்கும் சின்னப் பூச்சியின் கடியால் வருவது. வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் காட்டுவதில்லை. ஆடை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் பொதுவான மருந்து, கர்ப்பிணியென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பசு ஏழாம் மாதம் கன்று வீசிவிட்டது. நச்சுக்கொடியைக் கையால் எடுத்தேன்.
(ஒரு பெண், வலங்கைமான்)

கன்று வீசுவதற்குப் பல காரணம், அதில் புருசெல்லா கிருமியும் ஒன்று. அது மனிதருக்கும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, மூட்டும் இடுப்பும் வலி, இதெல்லாம் வாரக்கணக்கில் இழுக்கும். இந்தத் தொல்லை தொடங்கினால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், நச்சுக்கொடியைத் தொட்டதையும் சொல்லுங்கள். அடுத்த தடவை கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிடைக்கவில்லை என்றால் இரண்டு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது செய்யுங்கள். விழுந்ததை நாய்க்குப் போடாமல் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பசுவின் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் ஊற்றாதீர்கள்.