மதிப்பெண் திட்டம்: கேள்வி 14, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் (குடிநீர் நிறுத்த அறிவிப்பு)

இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு, மொழிபெயர்ப்பியல் தாள். மொத்தம் 20 மதிப்பெண்: பொருள் 10, இலக்கணம் 5, தமிழ்நடை 5. தாளைத் திருத்துவோருக்கு மட்டும்.

மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே வாசிப்பில் மூன்றையும் போட்டால், நடை நன்றாக இருக்கும் தாளுக்குப் பொருளிலும் தாராளமாகக் கை போய்விடும். ஆகவே முதலில் கட்டிலுள்ள எல்லாத் தாள்களுக்கும் பொருள் மதிப்பெண்ணை மட்டும் போடுங்கள். இலக்கணத்துக்கு இரண்டாம் சுற்று, நடைக்கு மூன்றாம் சுற்று. பொருள் பிழைக்கு நேர்க்கோடு, இலக்கணப் பிழைக்கு வட்டம், நடைக்கு அலைக்கோடு இடுங்கள். மறுதிருத்தத்துக்குத் தாள் வந்தால் எது எதற்காகக் குறைந்தது என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும்.

ஒரு பிழைக்கு ஒரு கட்டத்தில்தான் கழிவு. எந்தக் கட்டம் என்ற ஐயம் வந்தால் இந்த வரிசையில் கேளுங்கள். படிப்பவருக்குத் தவறான செய்தி போகிறதா? பொருள். செய்தி சரி, வாக்கியம் உடைகிறதா? இலக்கணம். இரண்டும் சரி, ஆனால் தமிழில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்களா? நடை.

பொருள் (10)

பத்தியின் ஆறு வாக்கியங்களும் பத்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அலகுக்கு 1, பாதி வந்திருந்தால் ½.

வாக்கியம் 1, மூன்று அலகு: முதன்மைக் குழாயில் அவசரப் பழுதுபார்ப்பு என்ற காரணம், ஆறு வார்டுகளில் குடிநீர் நிறுத்தம், செவ்வாய் இரவு 10 மணி முதல் வியாழன் காலை 6 மணி வரை என்ற நேரம். ‘இரவு’ அல்லது ‘காலை’ விடுபட்டால் ½. கிழமை மாறினால் 0. சிலர் கூட்டிப் பார்த்து ‘32 மணி நேரம்’ என்று மட்டும் எழுதுவார்கள். கணக்குச் சரிதான், எப்போது தொடங்கும் என்று தெரியாததால் அதற்கும் 0.

வாக்கியம் 2, ஓர் அலகு: போதிய தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைக்கும்படி வேண்டுகோள். ‘முன்கூட்டியே’ இல்லாவிட்டால் ½.

வாக்கியம் 3, இரண்டு அலகு: மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் மட்டும் டேங்கர் லாரி, அதுவும் கேட்டால்தான். ‘மட்டும்’ எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். ‘மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் டேங்கர் லாரிகள் மட்டும் அனுப்பப்படும்’ என்றால் வேறு வண்டி வராது என்றாகிறது. வீடுகளுக்கு லாரி கிடையாது என்ற செய்தி போய்விட்டது. முதல் அலகுக்கு 0.

வாக்கியம் 4, இரண்டு அலகு: தண்ணீர் திரும்ப வந்த முதல் ஒரு மணி நேரம் சற்றுக் கலங்கலாக இருக்கலாம், தெளியும் வரை குடிக்கக் கூடாது. ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கும்’ ஆனால் ½ போகும்.

வாக்கியம் 5, ஓர் அலகு: இணைப்பு எண் இல்லாத புகார் ஏற்கப்படாது. மூலத்தில் ‘அன்லெஸ்’ இருப்பதால் இங்கேதான் அதிகம் சறுக்குவார்கள். ‘இணைப்பு எண் இல்லாவிட்டாலொழியப் புகார் ஏற்கப்படாது’ என்பதில் எதிர்மறை கூடுதலாக ஒன்று சேர்ந்து, எண் இல்லாதவர்தான் புகார் தரலாம் என்று தலைகீழாகிறது. 0. ‘என்டர்டெயின்’ என்பதை ‘புகார்கள் மகிழ்விக்கப்படாது’ என்று எழுதியதும் 0. சிரித்துவிட்டு நடையில் கழிக்காதீர்கள். அது பொருள் பிழை.

வாக்கியம் 6, ஓர் அலகு: சிரமத்துக்கு வருத்தம்.

மூலத்தில் இல்லாததைச் சேர்த்து அது செயலை மாற்றினால், அந்த அலகுக்கு 0. விளக்கத்துக்காகச் சேர்த்த ஒரு சொல்லுக்குக் கழிவு இல்லை.

இலக்கணம் (5)

5-இல் தொடங்கி, பிழைக்கு ½ கழியுங்கள். ஒரே சொல்லில் ஒரே பிழை மூன்று முறை வந்தாலும் ஒருமுறைதான். ‘குளாய்’, ‘பலுது’ போன்ற ல, ள, ழ மயக்கங்கள் எழுத்துப் பிழைகளாக இங்கேயே சேரும்.

இந்தப் பத்தியில் எதிர்பார்க்க வேண்டிய பெரிய பிழை இரண்டாம் வாக்கியத்தில் வரும்: ‘பொதுமக்களை தண்ணீர் சேமிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’. செய்வினையின் ‘ஐ’ உருபும் செயப்பாட்டுவினையும் கலந்துவிட்டன. ‘பொதுமக்கள் … கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ அல்லது ‘பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்றுதான் வர வேண்டும். சுவரொட்டிகளில் தினம் பார்க்கும் பிழை என்பதால் விட்டுவிட வேண்டாம்.

வல்லினம் மிகாமல் விட்டவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தால் நல்ல தாளும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே மூன்று சந்திப் பிழைக்கு ½. எத்தனை இருந்தாலும் 1-க்கு மேல் கழிக்கக் கூடாது.

‘லாரிகள் வருகிறது’ என்பதற்குக் கழிவு உண்டு. ‘புகார்கள் ஏற்கப்படாது’ என்பதற்கு இல்லை. பன்மைக்கு ‘ஏற்கப்படா’ என்பதே பழைய மரபு என்றாலும், இன்றைய உரைநடையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘ஒரு அவசரப் பணி’ என்பதையும் விடுங்கள். ‘ஓர் மணி நேரம்’ என்பதற்குக் கழியுங்கள்.

தமிழ்நடை (5)

இங்கே பிழைகளை எண்ண வேண்டாம். விடையை மூலத்தைப் பார்க்காமல், முணுமுணுத்தாவது வாய்விட்டுப் படித்து, முழு எண்ணாகப் போடுங்கள்.

5: தெருமுனையில் ஒட்டினால் தமிழிலேயே எழுதிய அறிவிப்பு என்றே தோன்றும். 4: ஓரிரு இடத்தில் தட்டுகிறது. 3: புரிகிறது, ஆனால் ஆங்கில வாக்கிய வரிசை அடியில் தெரிகிறது. 2: பல வாக்கியங்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. 1: சொல்லுக்குச் சொல். 0: நடை என்று சொல்ல எதுவுமில்லை.

அறிவிப்பு நடையில் ‘நிறுத்தி வைக்கப்படும்’ இயல்பானதே. செயப்பாட்டுவினையைக் கண்டதும் கழிக்காதீர்கள். ‘அசௌகரியம் வருந்தப்படுகிறது’ என்பதுதான் குறை. ‘டேங்கர் லாரி’, ‘தண்ணீர் லாரி’ இரண்டும் சரி. ‘கேட்டா அனுப்புவாங்க’ என்று பேச்சுநடையில் எழுதிய விடைக்கு நடையில் 2-க்கு மேல் இல்லை. அதற்காக இலக்கணத்தில் கை வைக்க வேண்டாம்.

நான்காம் வாக்கியத்துக்கு இரண்டு மாதிரிகள்

அ. ‘வழங்கல் மீண்டும் தொடங்கிய பின் முதல் மணி நேரத்திற்கு தண்ணீர் சிறிது சேறாக தோன்றும். அது தெளிவாக ஓடும் வரை அது குடிப்பதற்காக பயன்படுத்தப்படக் கூடாது.’

பொருள் 1½, ‘தோன்றலாம்’ என்று இல்லாததால். மூன்று சந்திப் பிழை, இலக்கணத்தில் ½ கழிவு. முழு விடையும் இப்படியே போனால் நடைக்கு 3: ‘அது’ இருமுறை, குழாய்த் தண்ணீர் ‘ஓடுகிறது’, ‘கலங்கல்’ என்ற சொல் கைக்கு வரவில்லை.

ஆ. ‘தண்ணீர் வந்ததும் ஒரு மணி நேரம் விட்டுப் பிடியுங்கள். கலங்கலாக இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள்.’

நல்ல தமிழ். கழிக்க இலக்கணப் பிழை இல்லை, நடை 5 வாங்கும். பொருளில் கலங்கலுக்கு ½. குடிக்கக் கூடாது என்ற இரண்டாம் அலகுக்கு 0, ஏனென்றால் மூலம் தடுத்ததை இது அனுமதிக்கிறது. இரண்டுக்கு ½தான்.

உச்சவரம்பும் ஒப்பீடும்

ஐந்து அலகோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே எழுதியிருந்தால் இலக்கணத்துக்கு 2½, நடைக்கு 3 உச்சம். குறைவாக எழுதினால் பிழையும் குறைவாகத்தான் இருக்கும். அதற்குப் பரிசு தரக் கூடாது. அலகை முயன்று தவறாக எழுதியது எழுதியதாகவே கணக்கு.

இரண்டு திருத்துநர்களின் மொத்தம் 3-க்கு மேல், அல்லது ஏதாவது ஒரு கட்டத்தில் 2-க்கு மேல் வேறுபட்டால் தாள் மூன்றாமவருக்குப் போகும். இல்லையென்றால் சராசரி. பின்னம் வந்தால் இறுதி மொத்தத்தில் மட்டும் மேலே முழுமையாக்குங்கள். கட்டங்களில் உள்ளபடியே இருக்கட்டும்.