உள்சுற்றறிக்கை: தண்ணீர், மின்சாரச் சிக்கனம்

பெறுநர்: அனைத்துத் துறை ஊழியர்கள்
அனுப்புநர்: பொது மேலாளர், துரைப்பாக்கம் கிளை, சென்னை
தேதி: 05.05.2025

வெயில் ஏற ஏற நம் ஹோட்டல் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. மார்ச் வரை நாளுக்கு இரண்டு லாரி வாங்கினோம், இப்போது நான்கு. 2019 கோடையை இங்கே பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருடம் அது. அப்போது காசு கொடுத்தும் ஓ.எம்.ஆரில் லாரி கிடைக்கவில்லை. அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் இந்தச் சுற்றறிக்கை.

ஹவுஸ்கீப்பிங்: விருந்தினர் டவலைக் கம்பியில் மாட்டியிருந்தால் மாற்ற வேண்டாம் என்று அர்த்தம். குளியலறை அட்டையில் அப்படி எழுதி வைத்துவிட்டு, நாமே எல்லாவற்றையும் லாண்டரிக்கு அள்ளிக்கொண்டு போகிறோம். தரையில் கிடப்பதை மட்டும் எடுங்கள். குளியலறை கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்து முடித்த பிறகு திறந்தால் போதும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை டேங்கில் கொஞ்சம் ஃபுட் கலர் ஊற்றி, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது.

அறையைச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஏசி வேண்டாம், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். விருந்தினர் காலி செய்ததும் கீசரை அணைத்துவிடுங்கள். மின்சாரம் நிற்காமல் இருக்க, சாவி அட்டைக்குப் பதில் விசிட்டிங் கார்டைச் செருகி வைத்திருப்பதை நான் பல அறைகளில் பார்த்திருக்கிறேன். காலி அறையில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்த விருந்தினருக்கு ஏசியை 24 டிகிரியில் வைத்துக் கொடுங்கள். அவர் குறைத்துக்கொண்டால் அது அவர் விருப்பம், அதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு.

சமையலறை: உறைந்த இறைச்சியை ஓடும் தண்ணீரில் வைக்கும் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். முந்தின இரவே ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காய்கறியைத் தொட்டியில் கழுவுங்கள். ஆர்.ஓ. கழிவு நீர் தரை துடைக்கப் போகும். அதற்கான டிரம்மை இன்ஜினியரிங் துறை இந்த வாரம் வைக்கும்.

லாண்டரி: நமக்கு உயர் மின்னழுத்த இணைப்பு. காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் யூனிட் கட்டணம் 25 சதவீதம் கூடுதல். ஆகவே மெஷின்கள் காலை 10 மணிக்குப் பிறகே ஓட வேண்டும், அதுவும் முழு லோடோடு. விருந்தினர் அவசரமாகக் கேட்கும் துணிக்கு மட்டும் விலக்கு.

தோட்டத்துக்கு சுத்திகரித்த கழிவு நீர் மட்டுமே, அதுவும் அதிகாலையில்.

ஒழுகல், பழுது எது கண்ணில் பட்டாலும் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இரவு ஷிப்டில் டியூட்டி மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள். "டேப் லீக்" என்று மட்டும் போட்டால் பிளம்பர் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அறை எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.