2025-ஆம் ஆண்டுப் பணிக்காக அனைத்துப் பணியாளர்களுக்கும் நன்றிக் கடிதம்

கோயம்புத்தூர்
05.01.2026

நம் பம்ப்செட் ஆலையின் வார்ப்படப் பிரிவு, மிஷின் ஷாப், அசெம்ப்ளி, டெஸ்டிங், டிஸ்பேட்ச், அலுவலகம், கேன்டீன், காவல், துப்புரவு ஆகிய பிரிவுகளில் பணிபுரியும் நிரந்தர, ஒப்பந்த மற்றும் பயிற்சிப் பணியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு முழுவதும் தாங்கள் ஆற்றிய பணிக்கு ஆலையின் சார்பில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இக்கடிதத்தை எந்தப் பண்டிகையையும் ஒட்டி வெளியிடாமல், ஆண்டுக் கணக்கெடுப்பு முடிந்த முதல் திங்கட்கிழமையில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. 2024-இல் நான் எழுதிய நன்றிக் கடிதம் தீபாவளிக்கு முந்தைய நாள், குத்துவிளக்குப் படத்துடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பண்டிகையன்று இரவு ஷிப்டில் நின்ற ஒருவர் மறுவாரம் என்னிடம் வந்து, "சார், வாழ்த்து கொண்டாடுகிறவர்களுக்கு, நன்றி எல்லோருக்கும்தானே? இரண்டையும் ஒரே தாளில் போட்டால் என் பங்கு எதில் இருக்கிறது என்று தெரியவில்லை" என்றார். அவர் கேட்டது நியாயம். வாழ்த்தை அவரவர் நாளில் அவரவருக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம். நன்றி, செய்த வேலைக்கு உரியது.

வேலையைப் பற்றியே சொல்கிறேன். உருகிய இரும்பை உலைக்குள் ஆறவிட்டுவிட்டு விடுமுறை முடிந்து வந்து பார்த்துக்கொள்ள முடியாது என்பது வார்ப்படப் பிரிவில் ஒரு வாரம் நின்றவருக்குக்கூடத் தெரியும். ஆகவே, ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் இன்னொருவர் உலை முன் நிற்க வேண்டும். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தொழிற்கூடங்களுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களையும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாள்களையும் விடுமுறையாக வைத்திருக்கிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் நம் ஆலையில் அந்த ஐந்து நாள்கள் எல்லோருக்கும் போதுமானவை அல்ல. எஞ்சிய நாள்களைத் தாங்கள்தான் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டீர்கள்.

2025-ஆம் ஆண்டு நாட்காட்டி நம் ஷிப்ட் அட்டவணையை நன்றாகவே சோதித்தது. மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை யுகாதியும் மறுநாள் ரம்ஜானும் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரலில் மகாவீர் ஜெயந்தி, தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி மூன்றும் ஒன்பது நாள்களுக்குள் அடங்கின. செப்டம்பர் 5 அன்று திருவோணமும் மிலாடி நபியும் ஒரே நாளில் அமைந்தன. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மிஷின் ஷாப்பிலிருந்து 23 விடுப்பு விண்ணப்பங்கள் வந்தபோது, பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்றே எண்ணினேன். மேற்பார்வையாளர்களிடம் தாள் போய்த் திரும்புவதற்குள் அசெம்ப்ளியிலிருந்தும் டெஸ்டிங்கிலிருந்தும் 19 பேர் தாங்களாகவே பெயர் கொடுத்திருந்தார்கள்; ஒரு விண்ணப்பத்தைக்கூட மறுக்க நேரவில்லை. அக்டோபரில், சத் பூஜைக்காக இரண்டு நாள் ரயில் பயணம் செய்து பீகாருக்குச் சென்றவர்களின் இடத்தில், தீபாவளி முடித்து வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதல் நேரம் நின்றார்கள். முன்னவர்கள் தீபாவளி வாரத்தில் செய்த வேலைக்கு அது பதில் என்று யாரும் கணக்குச் சொல்லிக் கேட்கவில்லை.

இன்னின்ன மதத்தினர் இன்னின்ன நாளில் வேலை செய்தார்கள் என்று பட்டியலிட்டு நன்றி கூறலாமே என்று அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டதுதான் என்றாலும் நான் அதை ஏற்கவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டவர் தம் சமயத்தின் பிரதிநிதியாக அதைச் செய்யவில்லை. பக்கத்து மிஷினில் நிற்பவருக்காகச் செய்தார். எந்தப் பண்டிகையும் கொண்டாடாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தகைய பட்டியலில் அவர்களுக்கு இடமே இருக்காது. எனவே, கூடுதல் ஷிப்ட் பார்த்த 146 பேரின் பெயர்களும் அகரவரிசையில் மட்டும், பிரிவின் பெயருடன் இக்கடிதத்தின் அருகில் ஒட்டப்பட்டுள்ளன.

விரதக் காலங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாகவே நடந்தன. நவம்பர் நடுவிலிருந்து மாலை அணிந்தவர்கள் இருந்தார்கள். உலை வெப்பத்தில் தண்ணீரின்றி நிற்பது ஆபத்து என்பதால், நோன்பிருந்தவர்களை அந்த மாதம் மட்டும் கோர் அறைக்கும் ஸ்டோருக்கும் மாற்ற, அங்கிருந்தவர்கள் தயங்காமல் உலைக்கு வந்தார்கள். இரண்டாம் ஷிப்டின் மாலை இடைவேளை சூரியன் மறையும் நேரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதையும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மாலை அணிந்தவர்கள் வெறுங்காலுடன் இருக்கும் வழக்கத்தை வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே பாதுகாப்புக் காலணியைத் தவறாமல் அணிந்தார்கள். அது அவர்களுக்கு எளிதான முடிவு அல்ல என்பதை அறிவேன். கேன்டீனில் ஒரே அடுப்பில் இத்தனை பேரின் உணவு முறைக்கும் ஈடுகொடுத்து, அசைவக் கரண்டி சைவப் பாத்திரத்துக்கு மாறாமல் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்ட சமையல் பணியாளர்களுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

இந்த ஒத்துழைப்பால்தான் டிசம்பர் 20-இல் முடிக்க வேண்டிய 4,200 நீர்மூழ்கி மோட்டார்களின் ஆர்டர் இரண்டு நாள் முன்னதாகவே லாரி ஏறியது. காயத்தால் வேலைநாள் இழப்பு ஒன்றுகூட ஏற்படாமல் ஆண்டு முடிந்ததை நான் அதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன்.

நன்றியின் அடையாளமாக ஒவ்வொருவருக்கும் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியரும் 1,500 ரூபாய்க்கான மளிகைக் கூப்பனும் வழங்கப்படும். பதவி, ஒப்பந்தம், பணிக்காலம் ஆகியவற்றால் இதில் வேறுபாடு கிடையாது. இனிப்புப் பெட்டியைத் தவிர்த்ததற்குக் காரணம், எதில் நெய், எதில் முட்டை என்று யாரும் கேட்டறிய வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான். சர்க்கரை நோயாளிகளும் இதற்காக என்னை மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன். சென்ற அக்டோபரில் வழங்கப்பட்ட போனஸ் தங்கள் சட்ட உரிமை. அதை இந்தப் பரிசுடன் சேர்த்து எண்ண வேண்டாம்.

மேலும், இவ்வாண்டு முதல் ஒவ்வொருவருக்கும் ஊதியத்துடன் கூடிய ஒரு விருப்ப விடுப்பு அளிக்கப்படுகிறது. பண்டிகை, ஊர்த் திருவிழா, குழந்தையின் பிறந்தநாள், வெறும் ஓய்வு என எதற்காக வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். படிவத்தில் காரணம் எழுதுவதற்கான கட்டமே இல்லை. ஏழு நாள் முன்னதாக மேற்பார்வையாளரிடம் தேதியை மட்டும் கொடுத்தால் போதும்.

பரிசுப் பொருள்களை ஜனவரி 9 வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் டைம் ஆபீஸ் அருகே பெற்றுக்கொள்ளலாம். அன்று விடுப்பில் இருப்பவர்களுக்கு உரியவை ஜனவரி 31 வரை பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இக்கடிதத்தின் இந்தி, மலையாள மொழிபெயர்ப்புகள் இதே பலகையில் உள்ளன. தமிழ் வாசிக்கத் தெரியாத நண்பர்களிடம் அதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஆலை மேலாளர்