மீன் முங்குமா தாத்தா

யாங்கோன்ல கோலாலம்பூர் ஃப்ளைட் ஏறினதுலேர்ந்தே அந்த தாத்தா சீட் கைப்பிடிய விடவே இல்ல. முதல் வரிசை, நடைபாதை ஓரம். நான் லேண்டிங் டேக்ஆஃப்க்கு உக்காருற ஜம்ப் சீட் அவருக்கு நேர் எதிர்ல, ரெண்டு பேர் முட்டிக்கும் நடுவுல நாலடிகூட இருக்காது. வெள்ளை சட்டை, புது லொஞ்சி, சட்டைப் பையில பாஸ்போர்ட்ட வச்சு மேல ஒரு ஊக்கு குத்தியிருந்தார். நான் பர்மீஸ்லதான் "அஃபோ, தண்ணி வேணுமா"ன்னு கேட்டேன், தலைய மட்டும் ஆட்டினார். என் பேட்ஜ்ல தாண்டான்னு போட்டிருக்கும், வீட்டுலதான் செல்வி, இங்க நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ரெண்டு பேருதான், அதனால அவருக்கும் என்னை அடையாளம் தெரியல எனக்கும் அவரைத் தெரியல.

ஜூலை மாசம். ஜூலைல இந்த ரூட்ல மேகம் இல்லாம ஒரு நாள் போனா அன்னிக்கு லாட்டரி வாங்கலாம். மோட்டமா வளைகுடா தாண்டி அந்தமான் கடல் மேல வந்ததும் லேசா ஆட ஆரம்பிச்சுது, நான் டீ ட்ராலிய எடுத்துட்டு நாலாவது வரிசை வரைக்கும்தான் போயிருப்பேன், பெல்ட் லைட் எரிஞ்சுது, கேப்டன் குரல் வந்துச்சு, க்ரூ எல்லாரும் உக்காருங்கன்னு. அவர் அப்படி சொன்னா வாதாடுறதுக்கு இடமே கிடையாது. சூடா எதையும் யாருக்கும் ஊத்தக் கூடாது, ட்ராலிய உள்ள தள்ளி பூட்டிட்டு, நாலு பட்டையையும் மாட்டிட்டு உக்காந்தேன். எதிர்ல தாத்தா கண்ண இறுக்கி மூடிட்டு,

"பீலிக்கான் முனீஸ்வரா... முனீஸ்வரா... பேரன் மொகத்தப் பாக்க விடுய்யா..."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. "தாத்தா, தமிழா நீங்க?"

கண்ணத் தொறந்தார். என் கன்னத்தப் பாத்தார், பேட்ஜப் பாத்தார். "அட பாப்பா, நீ நம்ம புள்ளையா!"ன்னு சிரிச்சார், அந்த நேரம் பாத்து பிளேன் ஒரு குதி குதிச்சுது, சிரிப்பு பாதியில நின்னுடுச்சு.

ஜன்னலோரம் இருந்த பையன் ஒருத்தன் போனை பின்பக்கமா திருப்பி இறக்கைய வீடியோ எடுத்துட்டு இருந்தான். எடுத்தவன் எடுத்தபடி வச்சுக்கக் கூடாதா, தாத்தாகிட்ட காட்டுறான். இறக்கை நுனி மேலயும் கீழயும் ஆடுறத பாத்துட்டு அவர் மூஞ்சில ரத்தமே இல்ல.

"ஒடியப் போவுதும்மா."

"ஒடியாது தாத்தா. ஆடுறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. தெருவுல கம்பு தூக்கிட்டு வர்றவங்களப் பாத்திருக்கீங்கல்ல, ரெண்டு பக்கமும் கூடை தொங்கும், மூங்கில் எப்படி வளைஞ்சு வளைஞ்சு போவும்? வளையாத கட்டைல அதே பாரத்த தூக்கினா தோளு போயிடும். வானத்துல எவ்வளவு மோசமா அடிச்சாலும் இறக்கைக்கு இவ்வளவுதான் பாரம் வரும்னு ஒரு கணக்கு வச்சுருக்காங்க, அதுக்கு மேல இன்னும் பாதி ஏத்தி தரையிலயே இழுத்து வளைச்சு சோதிச்ச அப்புறம்தான் பறக்கவே விடுறாங்க."

கேட்டுக்கிட்டார். நம்பலன்னு தெரிஞ்சுது. அப்ப எஞ்சின் சத்தம் கொறைஞ்சுது பாருங்க, எனக்கு முன்னாடி அவருக்குத்தான் காதுல விழுந்துச்சு.

"மெசின் நின்னுடுச்சு! பாப்பா, மெசின் நின்னுடுச்சு!"

இது எல்லா ஃப்ளைட்லயும் யாராவது ஒருத்தர் கேக்குறது. மேடு பள்ளம் வந்தா ஸ்பீடக் கொறைக்கணும்னு பைலட்டுக்கு ஒரு அளவே இருக்கு, அந்த ஸ்பீட்ல போனா அடி மெத்துன்னு விழும், பிளேனுக்கும் பாரம் கம்மி. அத எப்படி சொல்றதுன்னு யோசிச்சுட்டு "நீங்க என்ன வேலை தாத்தா பாத்தீங்க?"ன்னு கேட்டேன், சும்மா பேச்ச மாத்தத்தான் கேட்டேன்.

"சம்பான் படகு ஓட்டினேம்மா. பான்சொடான் ஜெட்டிலேர்ந்து ஆத்தத் தாண்டி டலா. முப்பத்தெட்டு வருசம். முதல்ல துடுப்பு, பொறவு மெசின்."

நான் இத்தன நேரம் மூங்கில் கம்பு கதையெல்லாம் சொல்லிட்டு இருந்தது எவ்வளவு வெட்டி வேலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

"அப்ப நீங்களே சொல்லுங்க. ஆத்து நடுவுல பெரிய சரக்குக் கப்பல் ஒண்ணு தாண்டிப் போவுது, அதோட அலை வருது. நீங்க மெசின என்ன பண்ணுவீங்க?"

"கொறைப்பேன். மூக்க லேசா அலைக்கு காட்டி, மெல்ல ஏறி மெல்ல எறங்கணும். வேகமா போனா பலகை அடி வாங்கும்."

சொல்லிட்டு அவரே நிறுத்தினார். சத்தத்த ஒரு தடவை காது கொடுத்து கேட்டார்.

"அந்தாளும் கொறைச்சிருக்கானா?"

"கொறைச்சிருக்காரு."

"ம்." கைப்பிடியிலேர்ந்து ஒரு விரல் எடுத்தார், ஒண்ணே ஒண்ணு.

அப்புறம் அவர்தான் கேக்க ஆரம்பிச்சார். அலை எங்கேர்ந்து வருது, இங்க கப்பல் ஒண்ணும் போவலியே? நான் சொன்னேன், கீழ கடல் சூடா கெடக்கு, அது மேல இருக்குற ஈரக் காத்து சூடேறி குபுகுபுன்னு மேல போவும், அதான் இந்த மேகமே, பக்கத்துலயே குளிர்ந்த காத்து கீழ எறங்கும், நாம அந்த ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் குறுக்க போறோம். ஏறுற காத்துல தூக்குது, எறங்குற காத்துல அமுக்குது. மழை நிக்குற பெரிய மேகமெல்லாம் பைலட்டோட ரேடார்ல தெரியும், அத சுத்திதான் போறாரு, இப்ப நமக்கு படுறது அதோட ஓரம். மேகமே இல்லாத வெறும் வானத்துலயும் சிலப்ப ஆடும், ரொம்ப உயரத்துல வேகமா ஓடுற காத்தும் மெதுவா ஓடுற காத்தும் ஒரசுற இடம் அது, அதுல மழைத்துளி இல்லாததால ரேடார் காட்டாது, முன்னாடி போன பிளேன்காரங்க ரேடியோல சொன்னாத்தான் உண்டு.

"ஏத்தமும் வத்தமும் முட்டுற எடம்"னார் தாத்தா. "தண்ணி மேல பாத்தா சும்மா இருக்கும், உள்ள திருவும். நாங்களும் கத்துவோம், முன்னாடி போறவன் பின்னாடி வர்றவனுக்கு, ஏய் இங்க இழுக்குதுன்னு."

அதேதான். ட்ரெய்னிங்ல இதுக்கு எனக்கு நாலு பக்கம் படிக்கக் கொடுத்தாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த "காத்துல குழி இருக்கு, பிளேன் குழிக்குள்ள விழுந்துச்சு"ன்னு டிவில சொல்றத கேட்டா எனக்கு ஆத்திரமா வரும். குழியும் இல்ல பள்ளமும் இல்ல, எல்லா இடத்துலயும் காத்துதான், எறங்குற காத்து அவ்வளவுதான். வயிறு சொல்றது ஆயிரம் அடி, மீட்டர் காட்டுறது பெரும்பாலும் சில அடிதான்.

தாத்தாவும் அங்கதான் வந்தார். குரலத் தாழ்த்தி, "போன வருசத்துக்கு முந்தின வருசம் ஒரு பிளேன்... நம்ம ஐராவதி மேலயே... லண்டன்லேர்ந்து சிங்கப்பூர் போனது. ஆறாயிரம் அடி விழுந்துச்சாம். பக்கத்து வீட்டு பையன் போன்ல காட்டினான். ஒருத்தர் செத்துட்டாராமே?"

2024 மே 21. அது எங்க எல்லாருக்கும் மனப்பாடம். பொய் சொல்லலாம்னு ஒரு நிமிசம் தோணிச்சு, ஆனா முப்பத்தெட்டு வருசம் ஆத்துல இருந்தவர்கிட்ட பொய் நிக்காது.

"ஆமா தாத்தா, ஒருத்தர் இறந்துட்டாரு, நெறைய பேருக்கு அடி. ஆனா ஆறாயிரம் அடி விழல. கறுப்புப் பெட்டியில பதிவானத எடுத்துப் பாத்தாங்க, அஞ்சு செகண்டுக்குள்ள நூத்தி எழுபத்தெட்டு அடி, அவ்வளவுதான். அந்த ஆறாயிரம் பொறவு கேப்டனே பாங்காக்ல எறக்கறதுக்காக மெல்ல கீழ கொண்டு வந்தது. பிளேனுக்கு ஒண்ணும் ஆவல, முழுசா எறங்குச்சு. அடி பட்டது யாருக்குத் தெரியுமா? பெல்ட் போடாம இருந்தவங்க மேல போய் கூரைல மோதினாங்க. பிளேன் சட்டுன்னு எறங்குது, கட்டாத ஆளு இருந்த எடத்துலயே நிக்குறான், கூரை வந்து மண்டைல அடிக்குது. எங்க க்ரூவும் அப்படித்தான் அடி வாங்குறாங்க, நாங்கதானே நின்னுகிட்டே இருக்கோம். அதான் நான் இப்ப உங்க கையப் புடிக்கக்கூட எந்திரிக்காம இங்கேர்ந்தே பேசிட்டு இருக்கேன்."

தாத்தா தன் பெல்ட்டப் பாத்தார். தொப்புளுக்கு மேல தளர்வா கெடந்துச்சு. கீழ எறக்கி, இடுப்பெலும்பு மேல வச்சு, வாலப் புடிச்சு ஒரு இழு இழுத்தார். படகுக் கயிறு முறுக்குற கை, சதை புதைய இறுக்கிட்டார், அவ்வளவு வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன், சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

"சம்பான்ல பயந்து எந்திரிச்சு நிக்கிறவனாலதான் எல்லாரும் சாவாங்க"ன்னார். அப்புறம் ரொம்ப யோசிச்சு, "ஆனா பாப்பா, படகு கவுறும்ல. நான் ரெண்டு பாத்திருக்கேன்."

"படகு தண்ணிக்கு மேல இருக்கு தாத்தா. நாம காத்துக்கு மேல இல்ல, உள்ள இருக்கோம். மீன் முங்குமா?"

வாயத் தொறந்து சிரிச்சார், வெத்தலைக் கறை பல்லு அத்தனையும் தெரிஞ்சுது. ஜன்னல் பையனுக்கு தமிழ் தெரியாது, அவனும் சேந்து சிரிச்சான். "முங்காது"ன்னார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சுழில மாட்டினா மீனும் மண்டைய ஆட்டிக்கிட்டுத்தான் போவும்."

"அதான் இப்ப போறோம்."

இன்னும் ஒரு பத்து நிமிசம் ஆடுச்சு. நடுவுல ஒண்ணு நல்லா தூக்கிப் போட்டுது, பின்னாடி யாரோ கத்தினாங்க, ஒரு கொழந்த வீல்னு ஆரம்பிச்சுது. என் கை தன்னால பட்டையப் புடிச்சுது, தாத்தா அத கவனிச்சுட்டார்.

"உனக்கும் பயமா பாப்பா?"

"மொத வருசம் இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு, ஆனா கை மறக்கல."

"எனக்கும் அப்படித்தான். மழைக் காலத்துல நடு ஆத்துல கை தன்னால முனீஸ்வரனக் கும்பிடும். வாய் ஆளுங்ககிட்ட ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கும்."

பெல்ட் லைட் அணைஞ்சதும் நான் மொதல்ல அந்த கொழந்தையப் பாக்கத்தான் ஓடினேன், அப்புறம் டீ. தாத்தாவுக்கு ரெண்டு சக்கரை போட்டு பாதி கப் மட்டும் ஊத்திக் கொடுத்தேன். மகன் கோலாலம்பூர்ல சாப்பாட்டுக் கடையில வேலையாம், பேரன் பொறந்து நாப்பது நாளாம், பேர் வைக்கிறதுக்கு இவருக்காக காத்துட்டு இருக்காங்களாம். என்ன பேருன்னு கேட்டேன், எறங்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்னுட்டார்.

எறங்கினோம். பிளேன் வந்து நின்னுச்சு, லைட் அணைஞ்சுது, அந்த செகண்டே எல்லாரும் குபீர்னு எந்திரிச்சு தலைக்கு மேல பெட்டிய இழுக்க ஆரம்பிச்சாங்க. தாத்தா மட்டும் அசையல. பெல்ட் அப்படியே இறுக்கி இருக்கு. கதவத் தொறந்து, பாதி கூட்டம் எறங்கியும் போயிடுச்சு.

குனிஞ்சு, "தாத்தா, வந்துட்டோம். கழட்டலாம்."

ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாத்தார்.

"கயிறு கட்டிட்டானா?"

கீழ சக்கரத்துக்கு முட்டு வச்சுட்டு ஒரு பையன் கட்டைவிரல் காட்டிட்டு இருந்தான்.

"கட்டியாச்சு தாத்தா."