தாத்தா பாட்டியின் ‘மெட்டி ஒலி’

2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மெட்டி ஒலி’ தொடரை, என் தாத்தாவும் பாட்டியும் இன்றும் யூடியூபில் போட்டுத் தரச் சொல்லி, புதிதாகப் பார்ப்பவர்களைப் போலவே ஆர்வத்துடன் பார்க்கிறார்கள்.

திருமுருகன் இயக்கிய இத்தொடரில், ஐந்து மகள்களின் தந்தையான சிதம்பரமாக டெல்லி குமார் நடித்திருக்கிறார். மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டை அறிந்தும் சம்பந்தி முன்னே குரலை உயர்த்த இயலாமல் அவர் நிற்கும்போது, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த என் தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்களைத் துடைத்துக்கொள்வார். “பொண்ணைப் பெத்தவர் வேற என்னதான் செய்வார்?” என்பார் பாட்டி.

பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் காட்சிகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும், சீர்வரிசை, கடன், மாப்பிள்ளையின் மனத்தாங்கல் என நடுத்தரக் குடும்பத்தின் உண்மையான கவலைகளை இவ்வளவு நெருக்கமாகக் காட்டியதாலேயே இத்தொடர் எனக்கும் பிடித்துப்போனது.